தேயப்போவது ஷூவா, முழங்காலா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காங்கிரீட் தரையில் கால்பந்து ஆடுபவர்களிடமிருந்து வந்தவை. பள்ளிக்கூட பாஸ்கெட்பால் கோர்ட், அபார்ட்மென்ட் கார் பார்க்கிங், வார்டு விளையாட்டுத் திடல் என்று இடங்கள்தான் வேறு. ஆறு மணிக்கு மேல் ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆட்டம், அதே கெட்டித் தரை, கிட்டத்தட்ட அதே புகார்கள். அதனால் இந்த வாரம் மொத்தத்தையும் அவர்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கே: புல் தரைக்கு வாங்கிய ஸ்டட் ஷூ வீட்டில் சும்மா கிடக்கிறது. கோர்ட்டில் போட்டு ஆடினால் என்ன? (கொளத்தூர், சென்னை)

ப: வழுக்கி விழுவீர்கள். ஸ்டட் மண்ணுக்குள் இறங்கினால்தான் அதற்கு வேலை. காங்கிரீட்டில் அது எங்கே இறங்கும்? உங்கள் எடை முழுவதும் பத்துப் பன்னிரண்டு கெட்டி பிளாஸ்டிக் முனைகளின் மேல் நிற்கும். அந்த முனைகளுக்குச் சிமென்டில் பிடிப்பு கிடையாது. அரை மணி நேரத்தில் பாதத்தில் அவை குத்துகிற இடங்களை நீங்களே விரல் வைத்துக் காட்டுவீர்கள். ஷூ எப்படியும் கெட்டுப்போகும் என்பது போகட்டும், கணுக்கால் பிசகினால் ஒரு மாதம் ஆட்டம் கிடையாது. புல் தரை கிடைக்கும் வரை அதைப் பெட்டியிலேயே வையுங்கள்.

கே: 1,600 ரூபாய்க்கு இண்டோர் ஃபுட்பால் ஷூ வாங்கினேன். பழுப்பு நிற கம் சோல், நல்ல கிரிப். வாரத்துக்கு நான்கு நாள் ஆட்டம். இரண்டரை மாதத்தில் இடது ஷூவில் பெருவிரல் மேட்டுக்குக் கீழே ஓட்டை விழுந்துவிட்டது. வலது ஷூவில் முனை மட்டும் தேய்ந்திருக்கிறது. எனக்கு வந்தது போலிச் சரக்கா? (மதுரை)

ப: அசல் சரக்காகத்தான் இருக்கும். தரைதான் அந்த ஷூவுக்குச் சொந்தமில்லாத தரை. கம் சோல் மரத்தளம் போட்ட உள்ளரங்குக்காகச் செய்வது. அங்கே தரை வழவழப்பு, தூசி குறைவு, கோடு விழக்கூடாது. அதனால் ரப்பரை மென்மையாக வைக்கிறார்கள். மென்மையான ரப்பர் தரையை நன்றாகக் கவ்வும், நீங்கள் ரசித்த கிரிப் அதுதான். உங்கள் கோர்ட்டில் ஈரக் காங்கிரீட்டைத் துடைப்பத்தால் கோடு இழுத்துக் காய வைத்திருப்பார்கள். உள்ளங்கையால் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் தெரியும். அதன் மேல் கம் சோல் போட்டு ஆடுவது, உப்புத்தாளில் அழிரப்பரைத் தேய்ப்பது போலத்தான்.

உங்கள் ஷூ தேய்ந்த இடங்கள் இன்னொன்றையும் சொல்கின்றன. நீங்கள் வலது கால் ஆட்டக்காரர். உதைக்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் ஊன்றுவது இடது கால். அதன் பெருவிரல் மேட்டின் மேல் உடல் முழுவதும் சுழல்கிறது. சோல் நேராக நடப்பதால் தேய்வதைவிட இப்படி ஊன்றித் திருகுவதால்தான் அதிகம் தேயும். வலது முனை தேய்வது, உதைத்து முடிக்கையில் காலைத் தரையில் இழுப்பதால். இந்த இரண்டு இடங்களிலும் அடுத்த ஷூவில் ரப்பர் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். மற்ற இடங்களில் எப்படி இருந்தாலும் உங்களுக்குக் கவலையில்லை.

ரப்பரிலும் வகை உண்டு. டயர் ஏன் கறுப்பு? ரப்பரில் கார்பன் பிளாக் என்னும் கரித்தூள் கலப்பதால்தான். அது சேர்ந்த ரப்பர் தேய்மானத்தைப் பல மடங்கு தாங்கும். வெளித்தரைக்கான ஷூக்களின் சோலிலும் அதே சங்கதி. ஆனால் கறுப்பாக இருப்பதெல்லாம் கெட்டி என்று நம்பிவிடாதீர்கள். சாயம் போட்டும் கறுப்பாக்கலாம். சிலிக்கா கலந்த வெளிர்நிற ரப்பரும் நன்றாக உழைக்கும். இன்னொரு பக்கம், எடை குறைய வேண்டும் என்று காற்றுக் குமிழ் விட்டு உப்பவைத்த ரப்பரும் உண்டு. ஓட்ட ஷூக்களின் முன்பாதியில் அதைப் பார்க்கலாம். காங்கிரீட்டுக்கு அது ஆகவே ஆகாது.

கே: கடையில் ரப்பர் வகையெல்லாம் யார் சொல்வார்கள்? கையில் எடுத்துப் பார்த்தே கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? (ஈரோடு)

ப: இருக்கிறது. தேய்மானத்தை அளக்க ஐ.எஸ்.ஓ. 4649 என்று ஒரு சோதனை முறையே உண்டு. சுழலும் உருளையில் உப்புத்தாள் சுற்றி, ரப்பர் துண்டை அதன் மேல் 40 மீட்டர் தேய்த்து, எவ்வளவு ரப்பர் போயிற்று என்று பார்ப்பார்கள். அந்த எண்ணை யாரும் பெட்டியில் அச்சிடுவதில்லை. எனவே நமக்குக் கட்டைவிரல்தான் கருவி.

சோலில் நகத்தை அழுத்துங்கள். பள்ளம் விழுந்து மெதுவாக மேலெழுந்தால் மென்மையான ரப்பர், மரத்தளத்துக்கானது. நகம் லேசாகப் பதிந்து உடனே மறைந்தால் பரவாயில்லை. நகமே ஏறவில்லை, கிட்டத்தட்ட பிளாஸ்டிக் போலிருக்கிறது என்றால் அதுவும் வேண்டாம். தேயாது, ஆனால் தூசித் தரையில் சறுக்கும். கெட்டியாக இருப்பது வேறு, தேயாமல் இருப்பது வேறு என்பதையும் மனத்தில் வையுங்கள். விலை மலிந்த கெட்டி ரப்பர் துகள் துகளாக உதிர்வதும் உண்டு. சோலின் விளிம்பை இரு விரலால் நிமிண்டிப் பாருங்கள், தூள் கையோடு வந்தால் ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து தடிமன். பெருவிரல் மேட்டில் சோலின் பள்ளங்களுக்குள் பாருங்கள். சில ஷூக்களில் எடை குறைக்க அங்கேயே ரப்பரை வெட்டிவிட்டு, உள்ளே இருக்கும் ஃபோம் வெளியே தெரியும்படி விட்டிருப்பார்கள். அந்த ஷூவை எடுக்கவே எடுக்காதீர்கள். ரப்பர் முழுவதும் பரவியிருக்க வேண்டும். முனையில் அது மேலேறி விரல்களைச் சுற்றி ஒரு வரப்பு போல நின்றால் இன்னும் நல்லது. சோலை மேல்பாகத்தோடு சேர்த்துச் சுற்றிலும் தையல் போட்டிருந்தால், பசை விட்டாலும் ஷூ வாயைப் பிளக்காது.

கே: டர்ஃப் ஷூ போதும் என்கிறான் நண்பன். சரியா? (கோவை)

ப: பாதி சரி. அதிலுள்ள சின்னச் சின்ன ரப்பர் குமிழ்கள் செயற்கைப் புல்லுக்கானவை. காங்கிரீட்டில் ஆடினால் முதலில் குமிழ்களின் விளிம்பு மழுங்கும், பிறகு குமிழே குட்டையாகும். அதே சமயம், பல டர்ஃப் ஷூக்களில் ஃபோம் படலம் இண்டோர் ஷூவைவிடத் தடிமனாக இருக்கும். குதிகாலுக்கு அது நல்லது. வாரத்தில் இரண்டு நாள் டர்ஃப், இரண்டு நாள் கோர்ட் என்று ஆடுபவருக்கு ஒரே ஷூவில் இரண்டையும் சமாளிக்க இதுதான் வழி. குமிழ்கள் உயரமாகவும் தள்ளித் தள்ளியும் இருப்பதை விட்டுவிட்டு, குட்டையாகவும் நெருக்கமாகவும் இருப்பதை எடுங்கள். எடை அத்தனை குமிழ்களுக்கும் பங்கிட்டுப் போகும், தேய்மானமும் அப்படியே. முழுக்க முழுக்கக் காங்கிரீட்தான் என்றால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கே: கோர்ட்டில் ஒருவர் டென்னிஸ் ஷூ போட்டு ஆடுகிறார். ஓராண்டாக அதே ஷூ. கேலி செய்தோம், இப்போது யோசிக்கிறோம். (திருச்சி)

ப: அவரிடம் மாடல் பெயரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிப்புறக் கெட்டித் தரையில் பக்கவாட்டில் பாய்ந்து, ஊன்றி, திரும்புகிற விளையாட்டு டென்னிஸ். ஐவர் கால்பந்தில் உங்கள் கால் செய்வதும் கிட்டத்தட்ட அதுதான். அதனால் கெட்டித் தரைக்கான டென்னிஸ் ஷூவில் மீன்முள் வடிவத்தில் அடர்த்தியான சோல், தேய்வு தாங்கும் ரப்பர், முனையில் தனிக் காப்பு எல்லாம் கூடவே வரும். சில நிறுவனங்கள் சில மாடல்களின் சோலுக்கு ஆறு மாத உத்தரவாதமே தருகின்றன. அது எல்லா ஊரிலும் செல்லுபடியாகாது, வாங்கும் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். களிமண் தரைக்கும் புல் தரைக்கும் தனித்தனி டென்னிஸ் ஷூ உண்டு, அவற்றைத் தவறி எடுத்துவிடாதீர்கள். வெளிப்புற பாஸ்கெட்பாலுக்கென்று கெட்டி ரப்பர் போட்டு வருபவையும் தரையைத் தாங்கும், ஆனால் கணுக்கால் வரை ஏறுகிற கனம் பந்தோடு ஓட இடைஞ்சல்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். டென்னிஸ் ஷூ கனமானது. முனை தடிமனாக இருப்பதால் பந்து காலில் படும் உணர்வு மங்கும். பந்தைச் சோலுக்கு அடியில் உருட்டி விளையாடுகிறவர்களுக்கு முதல் வாரம் எரிச்சலாக இருக்கும். மேல்பாகமும் உதைப்பதற்காகச் செய்ததல்ல. வலைத்துணி மட்டும் போட்ட மாடலை விட்டு, முன்பக்கம் தோல் அல்லது ரெக்ஸின் போர்த்தியதை எடுங்கள்.

பணக் கணக்கைப் பார்ப்போம். மேலே எழுதிய மதுரை வாசகரையே எடுத்துக்கொள்வோம். 1,600 ரூபாய் ஷூ, வாரம் நான்கு மாலை, இரண்டரை மாதம். ஏறக்குறைய 42 மாலைகள் வரும், ஒரு மாலைக்கு 38 ரூபாய். அவர் 4,000 ரூபாய்க்கு டென்னிஸ் ஷூ வாங்கினால் அது 105 மாலை, அதாவது ஆறு மாதம் தாங்கினாலே செலவு சமம். அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு மாலையும் லாபம். வாரம் ஒரு நாள் மட்டும் ஆடுகிறவருக்கு இந்தக் கணக்கு வேறு. அவருடைய கம் சோல் ஒன்பது, பத்து மாதம் வரும். பந்து உணர்வை இழந்து அவர் டென்னிஸ் ஷூவுக்கு மாற வேண்டிய அவசியமில்லை.

கே: ஓடுவதற்கு வாங்கிய விலை உயர்ந்த ஷூ இருக்கிறது. குஷன் அவ்வளவு மெத்தென்று இருக்கும். ஞாயிறு மாலை தோழிகளோடு ஆட அதையே போட்டுக்கொள்ளலாமா? (திருப்பூர்)

ப: வேண்டாம். ஓட்ட ஷூ நேராகப் போகிறவர்களுக்கானது. நீங்கள் வலப்பக்கம் வெட்டும்போது பாதம் அந்த மெத்தையின் விளிம்பில் ஏறி நிற்கும். ஃபோம் ஒரு பக்கம் அமுங்கும், கணுக்கால் வெளிப்பக்கம் மடியும். உயரம் கூடக் கூட மடிவது சுலபம். சோலில் ஃபோம் நேரடியாகத் தரையில் படும் இடங்களும் இருக்கும், அவை சில ஆட்டத்திலேயே பிய்ந்துவிடும். அந்த ஷூவில் காலையில் ஓடுங்கள், அதற்குத்தானே அவ்வளவு கொடுத்தீர்கள்.

கே: எனக்கு வயது 43. மறுநாள் காலை கட்டிலிலிருந்து இறங்கினால் குதிகாலில் சுரீர் என்கிறது. கடையிலேயே மிக மிருதுவான ஜெல் குஷன் எது? (அம்பத்தூர், சென்னை)

ப: மிக மிருதுவானதைத் தேடாதீர்கள், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் நின்று பார்க்கையில் மெத்தென்று இருப்பது, நீங்கள் குதித்து இறங்கும்போது முழுக்க அமுங்கி அடி தட்டிவிடும். அதற்குக் கீழே காங்கிரீட் ஒரு துளியும் இடம் கொடுக்காது. உங்களுக்கு வேண்டியது கொஞ்சம் விறைப்பான ஃபோம். நின்றால் சாதாரணமாக இருக்க வேண்டும், குதித்தால்தான் வேலை செய்ய வேண்டும். கடையிலேயே ஷூவை மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் இரண்டு மூன்று முறை துள்ளிப் பாருங்கள். குதிகால் 'டக்'கென்று எங்கோ இடித்து நின்றால் அதை வைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும். ஒரே ஷூவுக்கு இரண்டு ஆயுள் உண்டு. சோல் ரப்பரின் ஆயுள் கண்ணுக்குத் தெரியும். நடுவில் இருக்கும் ஃபோமின் ஆயுள் தெரியாது. பெரும்பாலான ஷூக்களில் அது ஈ.வி.ஏ. என்னும் ஃபோம், நுண்ணிய காற்றறைகளால் ஆனது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அறைகள் நசுங்கி மீள்கின்றன. போகப்போகச் சில மீளாமலே நின்றுவிடும். கம் சோல் ஷூவில் ரப்பர்தான் முதலில் சாகும், ஃபோம் பற்றி யோசிக்கவே நேரமிருக்காது. கெட்டி ரப்பருக்கு மாறியதும் நிலைமை தலைகீழ். சோல் புதிது போல் இருக்கும், உள்ளே ஃபோம் செத்துக் கிடக்கும். 'இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது' என்று அதையே போட்டு ஆடுகிறவர்களுக்குத்தான் குதிகாலும் முழங்காலும் முதலில் முனகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஷூவின் பக்கவாட்டில், குதிகால் பகுதி ஃபோமைப் பாருங்கள். எடை இல்லாதபோதும் படுக்கைவாட்டில் சுருக்கக் கோடுகள் நிலைத்திருந்தால் அது களைத்துவிட்டது. பக்கத்தில் கட்டைவிரலை அழுத்தினால் புதிதில் இருந்த எதிர்ப்பு இருக்காது. மேசை மேல் வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் அன்றே மாற்றுங்கள். வாங்கிய அன்று இதே கோணத்தில் ஒரு போட்டோ எடுத்துவைத்தால் ஒப்பிடச் சுலபம்.

உள்ளே போடும் இன்சோலை மாற்றுவது உதவும், ஓரளவுக்கு. நான்கைந்து மில்லிமீட்டர் நல்ல ஃபோம் இன்சோல், ஷூவோடு வரும் தகடு போன்றதைவிட எவ்வளவோ மேல். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். மேலே மேலே அடுக்கினால் குதிகால் மேலேறி ஷூவை விட்டுக் கழலும். செத்த நடு ஃபோமை இன்சோலால் உயிர்ப்பிக்க முடியாது.

உங்கள் வலிக்கு வருகிறேன். காலையில் முதல் சில அடிகளில் மட்டும் குதிகாலின் அடியில் சுரீர் என்று இருந்து, நடக்க நடக்கக் குறைவது பெரும்பாலும் பாதத்தின் அடித்தசைநார் இழுப்பு. ஷூ மட்டும் அதைத் தீர்க்காது. வாரத்தில் ஆடும் நாளைக் குறையுங்கள், கெண்டைக்கால் தசையைச் சுவரில் சாய்ந்து நீட்டுங்கள், வீட்டுத் தரையிலும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். சில வாரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். எலும்பின் மேல் ஒரே இடத்தில் விரல் வைத்தால் வலி உயிர்போகிறது, ஓய்விலும் விடவில்லை என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கே: நம் நாட்டு அணி ஒலிம்பிக்கிலேயே வெறுங்காலோடு ஆடியதே. நாம் ஆடினால் என்ன? (வேலூர்)

ப: 1948இல் லண்டனில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடியது உண்மை. பிரான்ஸுக்கு எதிராகச் சாரங்கபாணி ராமன் கோல் போட்டார், 2–1 என்றுதான் தோற்றோம். அது புல்தரை. 1952 ஹெல்சின்கியில் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்ற பிறகு பூட் கட்டாயமானது. நீங்கள் ஆடப்போவது வெயிலில் பகல் முழுவதும் காய்ந்து, மாலை ஆறு மணிக்கும் சூடு விடாத காங்கிரீட். தோல் உரியும், கண்ணாடிச் சில் குத்தும், எதிராளியின் ஷூ மிதிக்கும்.

கே: எங்கள் பிளாக் கீழே உள்ள கோர்ட்டில் ஆட, நான்கு வருடமாக அலமாரியில் வைத்திருந்த நல்ல ஷூவை எடுத்தேன். பத்து நிமிடத்தில் சோல் மாவாக உதிர்ந்தது. போட்டதே இரண்டு முறைதான்! (சிங்கப்பூர்)

ப: போடாமல் வைத்திருந்ததே அதற்கு எமனாகிவிட்டது. உங்கள் ஷூவின் நடு ஃபோம் பாலியூரித்தேன். ஈ.வி.ஏ.வைவிடக் கனம், அமுங்கி மீள்வதில் நீண்டநாள் உழைக்கும். ஆனால் காற்றின் ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல அறுக்கும். சிங்கப்பூர், சென்னை, கொழும்பு போன்ற ஈரக்காற்று ஊர்களில் மூடிய பெட்டியில் சில வருடம் இருந்தாலே போதும், வெளியே பளபளப்பு, உள்ளே மாவு. எனவே இந்த வகையை வாங்கினால் உடனே போட்டுத் தேய்த்துவிடுங்கள். தள்ளுபடி விலைப் பழைய சரக்கு வாங்கும்போது தேதியைப் பாருங்கள். இந்தியாவில் பெட்டியில் எம்.ஆர்.பி. ஸ்டிக்கரிலேயே தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். மூன்று வருடம் தாண்டியது என்றால் பாதி விலைக்குக் கிடைத்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

கே: முனை தேயத் தொடங்கிவிட்டது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் ஆகுமா? (தஞ்சாவூர்)

ப: ரப்பர் கொஞ்சமாவது மிச்சமிருக்கும்போதே கொடுங்கள். வெள்ளை ஃபோம் தெரிந்த பிறகு போனால் ஒட்டுவதற்குப் பிடிமானமே இருக்காது. நல்ல கைக்காரர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஒட்டும் இடத்தை அரம் போட்டுச் சொரசொரப்பாக்குவார், தூசியைத் துடைப்பார், சொல்யூஷனை ஷூவிலும் ரப்பர் துண்டிலும் தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய விடுவார், அதன் பிறகே வைத்துச் சுத்தியால் தட்டுவார். ஈரமாக இருக்கும்போதே அவசரமாக ஒட்டினால் அடுத்த ஆட்டத்தில் கழன்றுவிடும். சோல் ஓரம் வாய் பிளந்திருந்தால் பசையோடு பக்கத் தையலும் போடச் சொல்லுங்கள்.

நனைந்த ஷூவை வெயிலிலோ ஃபிரிட்ஜுக்குப் பின்னாலோ வைத்துக் காயவைக்காதீர்கள். சூட்டில் பசை இளகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

கே: ஷூவை விடுங்கள், தரையை ஏதாவது செய்ய முடியாதா? (நாகர்கோவில்)

ப: முடியும், ஒரு துடைப்பம் போதும். காங்கிரீட்டின் மேல் கிடக்கும் மணல்தான் சோலை அரைக்கும் அரம். அதே மணல்தான் திரும்பும்போது காலை வாரிவிடுவதும். ஆட்டத்துக்கு முன் இரண்டு பேர் ஐந்து நிமிடம் பெருக்கினால் சோலும் பிழைக்கும், கணுக்காலும் பிழைக்கும். வழவழப்பாகப் பூசிய தரையில் பனியோ தூறலோ விழுந்தால் அன்று ஆட வேண்டாம், எந்த ரப்பரும் காப்பாற்றாது.

பந்தையும் மாற்றிப் பாருங்கள். பெரிய பந்து காங்கிரீட்டில் இஷ்டத்துக்கு எகிறும், அதைத் துரத்திக் குதித்துக் குதித்தே கால் ஓய்ந்துவிடும். ஃபுட்சால் பந்து நான்காம் எண். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் எழ வேண்டும் என்பது விதி. பந்து தரையோடு இருந்தால் நீங்களும் தரையோடு இருப்பீர்கள்.

கே: பதினொரு வயதுப் பையன். கால் வளர்கிறதே என்று இரண்டு சைஸ் பெரிதாக, நல்ல கெட்டி சோல் ஷூ வாங்கலாமென்று இருக்கிறேன். (புதுச்சேரி)

ப: இரண்டுமே வேண்டாம். பெரிய ஷூவுக்குள் கால் முன்னும் பின்னும் வழுக்கும், கொப்புளம் வரும், திரும்பும்போது ஷூ ஒரு பக்கம் போகக் கால் ஒரு பக்கம் போகும். நீளமான விரலுக்கு முன்னால் அரை கட்டைவிரல் அகலம் இடம் போதும். மாலையில், கால் லேசாக வீங்கியிருக்கும் நேரத்தில், ஆடும்போது போடும் சாக்ஸோடு அளந்து வாங்குங்கள். அந்த வயதில் சோல் தேயும் முன் கால் வளர்ந்துவிடும். எனவே விலை உயர்ந்த ரப்பருக்குப் பணம் போடாமல், நல்ல நடு ஃபோமுக்குப் போடுங்கள். கம் சோலே அவனுக்குப் போதும். ஆட்டம் முடிந்ததும் குதிகாலின் பின்பக்கம் வலிக்கிறது என்று சொன்னால் ஷூவை மட்டும் குறை சொல்லாதீர்கள். அங்கே எலும்பின் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடவில்லை, காங்கிரீட்டில் தினமும் குதிக்கும் பிள்ளைகளுக்கு அது வீங்குவதுண்டு. சில நாள் ஆட்டத்தை நிறுத்தி, எலும்பு மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு மறுபடி அனுப்புங்கள்.